ஊறிய கடலைக்கு ஏன் கூடுதல் விசில்?

துவரம்பருப்பைக் கழுவி, ஊற வைக்காமல் அப்படியே குக்கரில் போட்டால் 3 அல்லது 4 விசிலில் மசிந்துவிடுகிறது. இரவு முழுக்கத் தண்ணீரில் கிடந்து இரண்டு பங்காக ஊதிய வெள்ளைக் கொண்டைக்கடலைக்கோ 5, 6 விசில் வேண்டியிருக்கிறது. கறுப்புக் கடலை என்றால் 7, 8 கூட ஆகும். பத்து மணி நேரம் முன்னாடியே தண்ணீரைக் குடித்துத் தயாராக இருக்கும் கடலை, காய்ந்து கிடக்கும் பருப்புக்குப் பின்னால் ஏன் வேகிறது? சமையலறையில் தினமும் நடப்பதால் யாரும் கேட்காத கேள்வி இது. பதில் தெரிந்துகொண்டால் வேகாத சுண்டல், கரைந்துபோன சன்னா, நறுக் நறுக்கென்று நிற்கும் சாம்பார்ப் பருப்பு என்ற மூன்று தொல்லைகளும் பெருமளவு குறையும்.

முதலில் விசிலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். விசில் என்பது நேரத்தின் அளவு அல்ல. மூடியின் நடுவில் இருக்கும் குழாய்மேல் வெயிட் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே நீராவி சேரச் சேர அழுத்தம் ஏறி, ஒரு கட்டத்தில் அந்த வெயிட்டைத் தூக்கித் தள்ளிக்கொண்டு ஆவி வெளியே பாய்கிறது. அழுத்தம் கொஞ்சம் குறைந்ததும் வெயிட் மறுபடி உட்கார்ந்துவிடுகிறது. நம் வீட்டுக் குக்கர்கள் பெரும்பாலும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அளவு அழுத்தத்தில் இப்படித் திறக்கின்றன. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் ஏறக்குறைய 120 டிகிரி வரை சூடேறும். குக்கர் செய்யும் உதவி முழுவதும் இந்த 20 டிகிரிதான்.

ஆக, விசில் சொல்வது ஒன்றே ஒன்று: உள்ளே ஆவி மிஞ்சிவிட்டது. அது எவ்வளவு சீக்கிரம் மிஞ்சும் என்பது தீயைப் பொறுத்தது. பெரிய பர்னரில் முழுத் தீ வைத்தால் முதல் விசிலுக்குப் பிறகு ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு விசில் அடிக்கலாம். அதே குக்கரைச் சிம்மில் வைத்தால் நாலைந்து நிமிடத்துக்கு ஒன்றுதான் வரும். இரண்டிலும் உள்ளே இருக்கும் சூடு ஏறக்குறைய ஒன்றுதான். முழுத் தீயில் அடிக்கும் கூடுதல் விசில் பருப்பை வேக வைப்பதில்லை. தண்ணீரையும் கேஸையும் வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான்.

அதனால்தான் ஒரு வீட்டில் “கடலைக்கு மூணு விசில் போதும்” என்பார்கள், பக்கத்து வீட்டில் “ஏழு விசில் விட்டும் வேகலை” என்பார்கள். முதல் வீட்டில் சிம்மில் வைத்திருப்பார்கள். முதல் விசிலுக்கும் மூன்றாவதற்கும் இடையே 10 நிமிடம் ஓடியிருக்கும். இரண்டாவது வீட்டில் முழுத் தீயில் ஏழாவது விசில் அடிக்கும்போது, முதல் விசிலிலிருந்து 9 நிமிடம்கூட ஆகியிருக்காது. எண்ணிக்கையில் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம் தெரிந்தாலும் கடலை வெந்த நேரம் கிட்டத்தட்ட ஒன்றேதான். பருப்பையும் கடலையையும் நேர்மையாக ஒப்பிட வேண்டுமானால், முதல் விசில் வந்ததும் தீயைச் சிம்முக்கு இறக்கி, அங்கிருந்து நிமிடத்தை எண்ண வேண்டும்.

அப்படி எண்ணினால் கணக்கு இப்படி வரும். ஊறாத துவரம்பருப்புக்கு 7, 8 நிமிடம். அரை மணி நேரம் ஊறியிருந்தால் 5 நிமிடம். இரவெல்லாம் ஊறிய வெள்ளைக் கொண்டைக்கடலைக்கு 12 முதல் 15 நிமிடம். கறுப்புக் கடலைக்கு 18 முதல் 20 நிமிடம். ஊறாத கடலையை இந்தக் கணக்கில் சேர்க்கவே நான் விரும்பவில்லை. முக்கால் மணி நேரம் வைத்தாலும் சில கடலை வெடித்தும் சில கடலை நடுவில் கல்லாகவும்தான் கிடைக்கும்.

இப்போது கேள்விக்கு வரலாம். பருப்பு வேகிறது என்றால் உள்ளே என்ன நடக்கிறது? மூன்று வேலைகள் நடக்க வேண்டும். சூடு நடுப்பகுதிவரை போய்ச் சேர வேண்டும். தண்ணீர் நடுப்பகுதிவரை போய்ச் சேர வேண்டும். அதன்பிறகு, பருப்பின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பொருள் இளகிக் கரைய வேண்டும்.

இதில் சூடு போய்ச் சேருவது ஒரு பிரச்சினையே இல்லை. 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு கடலையின் நடுவுக்கு வெளிச் சூடு எட்ட ஓரிரு நிமிடம் போதும். தண்ணீர் அப்படியல்ல, அது மிக மெதுவாக ஊறிச் செல்லும். அதுவும் தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு, மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு என்று கூடும். உடைத்த துவரம்பருப்பின் ஒரு பாதியைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் தடிமன் இரண்டரை மில்லிமீட்டர் அளவுதான். தட்டையான பக்கத்திலிருந்தும் வளைந்த பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் தண்ணீர் நுழைவதால், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலாகப் பயணம் செய்தால் நடுவை அடைந்துவிடும். முழுக் கடலையில் அந்தப் பயணம் நாலு மில்லிமீட்டர். மூன்று மடங்கு தூரம் என்றால் ஒன்பது மடங்கு நேரம். வழியில் தோல் வேறு குறுக்கே நிற்கிறது.

ஊறப் போட்ட கடலையை அரை மணி கழித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் தோல் மட்டும் சுருங்கிச் சுருங்கி நிற்கும். தண்ணீர் பெரும்பாலும் மூக்கு இருக்கும் பக்கத்திலுள்ள நுண்ணிய துளை வழியாக நுழைந்து, தோலுக்கும் பருப்புக்கும் நடுவில் பரவுகிறது. தோல் முதலில் விரிகிறது, பருப்பு பின்னால்தான் பெருக்கிறது. உள்ளே பருப்பு பருத்து அந்தச் சுருக்கம் எல்லாம் நிமிர்வதற்கு ஆறேழு மணி நேரம் ஆகிவிடும். 100 கிராம் காய்ந்த கடலை நன்றாக ஊறினால் ஏறக்குறைய 200 கிராம் எடை வரும். ஊறியது போதுமா என்று தெரிய ஒரு கடலையைக் கத்தியால் நெடுக வெட்டிப் பார்த்தால் போதும். ஓரமும் நடுவும் ஒரே நிறத்தில் இருந்தால் தண்ணீர் போய்ச் சேர்ந்துவிட்டது. நடுவில் சுண்ணாம்புபோல வெளுத்த பொட்டு தெரிந்தால் இன்னும் இரண்டு மணி நேரம் வேண்டும். அந்தப் பொட்டோடு குக்கரில் ஏற்றினால் வெளியே குழைந்து உள்ளே நறுக்கென்று நிற்கும்.

சரி, தண்ணீர் வேலை முடிந்தது. ஊறிய கடலை இந்த இடத்தில் காய்ந்த துவரம்பருப்பைவிட முன்னால்தான் நிற்கிறது. அப்படியிருந்தும் இரண்டு மடங்கு நேரம் எடுப்பதற்குக் காரணம் மூன்றாவது வேலையில் இருக்கிறது.

பருப்பின் உள்ளே மாவும் புரதமும் நிறைந்த லட்சக்கணக்கான உயிரணுக்கள் செங்கல் சுவர்போல அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு நடுவே சாந்து மாதிரி இருப்பது பெக்டின் என்ற பொருள். பழத்தில் ஜாம் இறுகுவதும் இதே பெக்டினால்தான். பருப்பில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் இந்தப் பெக்டினைப் பிணைத்து இறுக்குகின்றன. பருப்பு மெத்தென்று ஆவது என்பது மாவு வேகுவது அல்ல. மாவு 70 டிகிரி அளவிலேயே வெந்துவிடும். இந்தப் பெக்டின் கரைந்து உயிரணுக்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுவதுதான் மெத்தென்று ஆவது. அது சூட்டைப் பொறுத்து நடக்கும் வேதிவினை. 10 டிகிரி கூடினால் தோராயமாக இரண்டு மடங்கு வேகத்தில் நடக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் கேட்கும் ஊறிய கடலை, குக்கரின் 120 டிகிரியில் கால் மணி நேரத்தில் முடிவது இதனால்தான்.

துவரம்பருப்பில் இந்த வேலை சுலபமாக நடப்பதற்குப் பெருங்காரணம் மில். துவரையின் தோல் கோந்துபோன்ற ஒரு பசையால் பருப்போடு மிகக் கெட்டியாக ஒட்டியிருக்கும். அதைப் பிரிக்க மில்லில் துவரையை உராய்த்துக் கீறி, எண்ணெய் தடவி, வெயிலில் காய வைத்து, பிறகுதான் தோல் நீக்கி உடைக்கிறார்கள். கிராமங்களில் ஊற வைத்துச் செம்மண் கட்டிக் காய வைத்துத் திரிகையில் உடைப்பதும் அதே நோக்கத்துக்குத்தான். இப்படி வரும் பருப்பில் தோல் இல்லை, பாதியாகப் பிளந்திருக்கிறது, மேற்பரப்பு உரசித் தேய்ந்திருக்கிறது. குக்கரில் வெளி அடுக்கு வெந்ததும் அது உரிந்து தண்ணீரில் கலந்துவிடும். அடுத்த அடுக்கு வெந்நீருக்கு நேராக வந்து நிற்கும். ஓரத்திலிருந்து கரைந்து கரைந்து பருப்பு மசிகிறது. முழுக் கடலைக்கு இந்த வழி கிடையாது. தோல் ஒரு பை மாதிரி எல்லாவற்றையும் பிடித்துவைத்திருக்கிறது. கரைந்த பெக்டின் வெளியே போக முடியாமலும், உயிரணுக்கள் பருத்து விலக இடமில்லாமலும், இருந்த இடத்திலேயே இளக வேண்டியிருக்கிறது.

காரணம் தோலும் பருமனும் மட்டும்தானா, கடலை இயல்பிலேயே கெட்டியான சாதியா? இதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை, நம் மளிகை அலமாரியே போதும். கடலைப்பருப்பு என்று நாம் வாங்குவது கறுப்புக் கொண்டைக்கடலையின் தோலை நீக்கிப் பிளந்த பாதி. அதே விதை, தோலும் முழு உருண்டையும் மட்டும் இல்லை. அந்தக் கடலைப்பருப்பை ஊற வைக்காமல் குக்கரில் வைத்தால் சிம்மில் 10, 12 நிமிடத்தில் விரலால் நசுக்கும் பதத்துக்கு வருகிறது, முழுத் தீயில் 4 அல்லது 5 விசில். கூட்டுக்கு முழுசாக நிற்க வேண்டுமானால் ஒரு விசில் குறைத்துக்கொள்வார்கள்.

இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகிறது. துவரம்பருப்பு 8 நிமிடம், கடலைப்பருப்பு 11 நிமிடம், ஊறிய முழுக் கறுப்புக் கடலை 19 நிமிடம். முதல் இரண்டுக்கும் இடையே உள்ள 3 நிமிடம் கடலை இனத்தின் இயல்பான இறுக்கம். அதற்குத் தோலும் இல்லை, உருண்டையும் இல்லை, ஆனாலும் துவரையைவிடப் பிந்துகிறது. அதற்கு மேலே உள்ள 8 நிமிடம் முழுசாக இருப்பதாலும் தோல் போர்த்தியிருப்பதாலும் வருவது. பெரிய பங்கு அதுதான். இரவெல்லாம் ஊறியும் அந்தப் பங்கை முழுவதும் கழிக்க முடியவில்லை. முழுத் துவரையை வாங்கிச் சுண்டல் செய்து பார்த்தவர்களுக்கும் இது புரியும். அதையும் இரவே ஊறப் போட வேண்டும், 4 விசிலில் அது வேகாது.

வெள்ளைக் கடலை கறுப்பைவிடச் சீக்கிரம் வேகுவதும் இதே காரணத்தால்தான். கறுப்புக் கடலையின் எடையில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு தோல். வெள்ளைக் கடலையில் இருபதில் ஒரு பங்குதான், அது காகிதம்போல மெல்லியது. வெள்ளைக் கடலை உருவத்தில் பெரிதாக இருந்தும் முன்னால் வேகிறது என்றால், தோலின் பங்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. பருப்பிடமும் கடலையிடமும் நாம் கேட்கும் பதம் வேறு வேறு. துவரம்பருப்பு கரண்டியால் ஒரு சுற்று கலக்கினால் மசிந்துவிட வேண்டும். சுண்டல் கடலை தோல் பிரியாமல், முழுசாக இருந்து, இரண்டு விரலுக்கு நடுவே அழுத்தினால் நசுங்க வேண்டும். கடலையையும் பருப்புபோல மசிக்க வேண்டும் என்றால் 15 நிமிடம் போதாது, 25 நிமிடத்தைத் தொட வேண்டும்.

ஒரு நாள் சமையலை எடுத்துக்கொண்டு இதை நடத்திப் பார்ப்போம். நாலு பேருக்கு மதியம் சாம்பார், சாயங்காலம் வெள்ளைக் கடலைச் சுண்டல். 3 லிட்டர் குக்கர் ஒன்று.

சாம்பாருக்கு 150 கிராம் துவரம்பருப்பு. இரண்டு மூன்று தரம் கழுவி, பருப்பின் அளவில் மூன்று பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், ஒரு சின்னக் கரண்டி நல்லெண்ணெய் அல்லது சில துளி விளக்கெண்ணெய். எண்ணெய் விடும் வழக்கத்துக்கு நல்ல காரணம் உண்டு. பருப்பு கொதிக்கும்போது அதன் புரதமும் மாவும் நுரையாகப் பொங்கும். அந்த நுரை வெயிட் குழாயில் ஏறினால் விசில் மஞ்சள் தண்ணீரைத் துப்பும், குழாயும் அடைபடும். எண்ணெய் அந்த நுரையை அடக்குகிறது. பருப்பும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் இதற்குத்தான். முழுத் தீயில் வைத்தால் ஆறேழு நிமிடத்தில் முதல் விசில் வரும். உடனே சிம். 8 நிமிடம் கழித்து அணைத்துவிட வேண்டும். நடுவில் ஒன்றோ இரண்டோ விசில் அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். அழுத்தம் தானாக இறங்கப் பத்து நிமிடம் ஆகும். அந்த நேரத்தின் முதல் பாதியில் உள்ளே இன்னும் 100 டிகிரிக்கு மேல்தான் இருக்கிறது. பருப்பு வெந்துகொண்டேதான் இருக்கிறது. மேலே சொன்ன எல்லா நிமிடக் கணக்கும் இந்தப் பத்து நிமிடத்தையும் நம்பிப் போட்டது.

சுண்டலுக்கு 200 கிராம் வெள்ளைக் கடலை. முந்தைய இரவு பத்து மணிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டு ஊற வைக்கலாம். உப்புப் போட்டால் கடலை வேகாது என்று பலரும் சொல்வது உண்டு, ஆனால் ஊறும் தண்ணீரில் போடும் உப்பு உதவியே செய்கிறது. உப்பில் உள்ள சோடியம் தோலுக்குள் புகுந்து, பெக்டினை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் ஓரளவு வெளியேற்றுகிறது. தோல் மிருதுவாகிறது, வெடிப்பதும் குறைகிறது. காலையில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கடலை மூழ்கி அதற்கு மேல் ஒரு விரல் அளவு புதுத் தண்ணீர் போதும். ஏற்கெனவே தண்ணீர் குடித்திருப்பதால் பருப்புக்கு விடுவதுபோல மூன்று பங்கு விடத் தேவையில்லை. முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் 14 நிமிடம். அணைத்த பிறகு வெயிட்டைத் தூக்கி ஆவியை விடக் கூடாது. அப்படிச் செய்தால் வெளி அழுத்தம் சட்டென்று விழுந்து, கடலைக்குள் 120 டிகிரியில் இருக்கும் தண்ணீர் ஒரே நேரத்தில் ஆவியாகித் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். சுண்டலில் தோல் தனி, பருப்பு தனி என்று பிரிந்து கிடப்பதற்கு அதிக விசிலைவிட இந்த அவசரமே பல நேரம் காரணம்.

விசில் எண்ணித்தான் பழக்கம் என்பவர்கள், தீயை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொண்டால் அதுவும் சரியாகத்தான் வரும். தங்கள் அடுப்பில், தங்கள் குக்கரில், நடுத்தரத் தீயில் துவரம்பருப்பு எத்தனை விசிலில் மசிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கடலைக்கு அதன் ஒன்றே முக்கால் பங்கு, கறுப்புக் கடலைக்கு இரண்டேகால் பங்கு. பருப்புக்கு 3 என்றால் கடலைக்கு 5, 7. பருப்புக்கு 4 என்றால் 7, 9. குக்கர் மாறினாலும் அடுப்பு இண்டக்ஷனாக மாறினாலும் இந்த விகிதம் பெரிதாக மாறாது, எண்ணிக்கை மட்டும் மாறும். ஒரு விதிவிலக்கு உண்டு. குக்கருக்குள் அரிசிக்கு மேல் சிறு பாத்திரத்தில் பருப்பை அடுக்கி வைப்பவர்கள் வீட்டில், ஆவி முதலில் பாத்திரத்தைச் சூடாக்கி அதற்குப் பிறகே பருப்பைச் சூடாக்குகிறது. அங்கே பருப்புக்கு ஒன்றிரண்டு விசில் கூடும்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் பருப்பு வேகவில்லை என்றால் முதலில் தண்ணீரைச் சந்தேகிக்க வேண்டும். போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது உண்மை. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் பருப்புக்குள் போய்ப் பெக்டினை இன்னும் இறுக்குகின்றன. உப்புக் கரித்தால்தான் கடின நீர் என்றும் இல்லை. குழாய் வாயில் வெள்ளைப் படிவு, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்புப் பொருக்கு இருந்தால் அதுதான் அடையாளம். கடலையை இரவு ஊற வைக்கும் தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். வேக வைக்கும்போது மட்டும் மாற்றினால் பாதி சேதம் முன்பே நடந்திருக்கும்.

அடுத்தது புளிப்பு. பெக்டின் புளிப்பில் சுலபத்தில் கரையாது. பருப்பைத் தனியாக வேக வைத்து மசித்து, புளிக் கரைசலில் காய் வெந்த பிறகு சேர்க்கும் நம் சாம்பார் முறை இதற்குச் சரியாகப் பொருந்துகிறது. தக்காளியைப் பருப்போடு சேர்த்துக் குக்கரில் போடுகிறவர்கள் ஒரு விசில் கூட வைப்பதும், சன்னா மசாலாவில் தக்காளி விழுதோடு பச்சையாக ஊறிய கடலையைப் போட்டுவிட்டுத் திண்டாடுவதும் இதனால்தான். கோடையில் இன்னொரு வழியிலும் புளிப்பு வருகிறது. பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே ஊறிய கடலைத் தண்ணீரில் நுரை கட்டி, ஒரு புளித்த வாடை வரும். சித்திரை, வைகாசி மாதங்களில் எட்டு மணி நேரத்தோடு நிறுத்துவது அல்லது ஊறும் பாத்திரத்தையே ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது.

மலைமேல் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். கடலை அதில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் அலுப்புத்தான். குக்கரின் வெயிட் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு கூடுதல் என்றுதான் பார்க்கிறது, ஆகவே அங்கே உள்ளே 120 டிகிரிக்குப் பதில் 116 டிகிரி கிடைக்கும். 4 டிகிரி குறைவுதானே என்று தோன்றலாம். ஆனால் வேகும் நேரம் அதனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். சென்னையில் 14 நிமிடம் என்றால் ஊட்டியில் 18, 19.

கடைசியாகக் கடலையின் வயது. அறுவடை முடிந்து நாளாகி, வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில் மூட்டையாகக் கிடந்த கடலையில், விதைக்குள்ளேயே கட்டுண்டு கிடந்த கால்சியமும் மெக்னீசியமும் மெல்ல விடுபட்டுப் பெக்டினோடு போய்ச் சேர்கின்றன. வெளியே பார்த்தால் நல்ல கடலைதான். ஊறவும் செய்யும், வேகத்தான் செய்யாது. இது ஊறாத கல் கடலையிலிருந்து வேறான நோய். கல் கடலையில் தோலே தண்ணீரை உள்ளே விடுவதில்லை. இரவெல்லாம் கிடந்தும் பாத்திரத்தின் அடியில் சின்னதாக, சுருக்கமில்லாமல், காய்ந்தபடியே கிடக்கும். அவற்றைக் காலையில் பொறுக்கி எடுத்துவிடலாம். பழைய கடலையைக் கண்ணால் கண்டுபிடிக்க வழியில்லை, குக்கரைத் திறந்தால்தான் தெரியும்.

திறந்து, ஒரு கடலையை நசுக்கி, அது அடங்காமல் வழுக்கிக்கொண்டு ஓடினால், வெந்நீராகப் பார்த்து அரை டம்ளர் ஊற்றி மூடி, முதல் விசிலுக்குப் பிறகு சிம்மில் இன்னும் 6 நிமிடம் வைக்கலாம். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் மறுபடி சூடேறவே நேரம் போகும். உப்பு, புளிப்பு எதுவும் இதற்கு முன் சேர்க்க வேண்டாம். அப்போதும் நடுவில் மணல் மாதிரி நெருநெருத்தால் அது பழைய சரக்கு. அதற்குச் சமையல் சோடா ஒரு சிட்டிகை உதவும். சோடா தண்ணீரைக் காரமாக்கி, பெக்டினை வேகமாகக் கரைக்கிறது. ஆனால் கால் தேக்கரண்டியைத் தாண்டினால் சோப்பு ருசி வந்துவிடும், தோல் கழன்று கூழாகும், கடலையின் தயாமினில் ஒரு பங்கும் போய்விடும். சோடாவுக்கும் மசியாத கடலையை மேற்கொண்டு வேக வைப்பதில் பயனில்லை. அதை வடிகட்டி, சோம்பும் காய்ந்த மிளகாயும் வைத்துக் கொரகொரப்பாக அரைத்து, வடையாகத் தட்டி எண்ணெயில் போட்டுவிடலாம்.